மூட்டையின் பின்பக்கம்

நான் லேபிள் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு, பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்காக உச்சுக் கொட்டக் கூடாது. தெரிந்தவள்தான் செய்தேன்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பதினெட்டு வருடமாக வேலை. வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் சாப்பாட்டுச் சாமான்களுக்குப் பேப்பர் தயார் செய்வோம். பிஸ்கட், பால் பவுடர், ஆலிவ் எண்ணெய், எது வந்தாலும் பாக்கெட்டின் பின்னால் என்னென்ன போட்டிருக்கிறது, எப்போது தயாரித்தது, எதுவரை நல்லது, எங்கே வைக்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேருகிற பெண்களிடம் நான் சொல்லும் முதல் பாடமே, முன்பக்கத்தைப் பார்க்காதே, அது வாங்குகிறவனுக்காக அடித்தது, பின்பக்கம்தான் அதிகாரிக்காக அடித்தது என்பது. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்படிப்பட்ட நான் என் நாய்க்கு வாங்கிய மூட்டையின் முன்பக்கத்தைப் பார்த்து மயங்கினேன். அதில் அவள் செத்துப்போயிருப்பாள்.

அவள் முழு லேப்ரடார் இல்லை. கறுப்பு உடம்பு, தடிமனான ரோமம், காது மட்டும் தெருநாய்க் காது. பெயரை எழுதப் போவதில்லை. எப்படியும் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், அவள் எல்லாவற்றுக்கும் வாலாட்டுவாள். டோல்கேட் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் முதல் மாடியில் எங்கள் வீடு. மேலே மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போனபிறகு அவளுக்கு அந்த அறைதான். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அதனால் பகலில் வீட்டில் ஆள் இல்லை. வீட்டுக்காரர் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

நாய்க்கு என்ன போடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. அவருக்கு எல்லாமே சூடு. கோழி சூடு, முட்டை சூடு, கடையில் விற்கிற உருண்டைத் தீனி எல்லாவற்றையும்விடச் சூடு. தயிர் சோறும் மீனும்தான் குளிர்ச்சி. நாய் கொஞ்சம் சொறிந்தால்கூட, "பாத்தியாமே, சூடு ஏறிகினு கீது" என்பார். நானோ, நாய் என்ன ஐயர் வீட்டிலா பிறந்தது, கறிதான் அதற்கு உணவு என்பேன். கடைசியில் பணம் போடுகிறவள் நான், கடைக்குப் போகிறவளும் நான். தீனிதான் வந்தது. தயிர் சோறு போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தேன்.

போன வருடம் சித்திரை மாதம் எங்கள் ஆபீஸ் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு கன்டெய்னர் நாய்த் தீனி வந்தது. ஐரோப்பியச் சரக்கு. கூட வந்த சுகாதாரச் சான்றிதழில் ஒரு எண் தவறாக இருந்தது. அங்கே அனுப்பித் திருத்தி வாங்கி, இங்கே கால்நடைத் தனிமைப்படுத்தல் ஆபீசில் காட்டி, சரக்கை வெளியே எடுக்க ஆடி மாதம் ஆகிவிட்டது. அத்தனை நாளும் அந்தப் பெட்டி ஹார்பர் யார்டில் வெயிலில்தான் நின்றது. ஒவ்வொரு வாரமும் அதற்குக் கடிதம் எழுதியவள் நான். பெட்டியின் எண் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

வெளியே வந்த சரக்கு எண்ணூர் ரோட்டில் அவருடைய குடோனில் கிடந்தது. விற்பனை மந்தம். தை மாதத்தில் அவர், தேதி முடிய இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது, வேண்டுமென்றால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஆபீசில் சொன்னார். ஹார்பர் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்படி ஏதாவது பாதி விலைக்கு வந்தால் அது எங்களுக்குக் கிடைத்த மரியாதை மாதிரி. கடையில் முழு விலை கொடுத்து வாங்குகிற ஊர்க்காரர்களை நினைத்துச் சிரித்துக்கொள்வோம். ஆபீசில் இரண்டு பேர் எடுத்தார்கள். நான் மூன்று மூட்டை எடுத்தேன், ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. தேதியை மட்டும் பார்த்தேன். ஆவணி வரை இருந்தது.

மூட்டை என்றால் சாதாரண மூட்டை இல்லை. உள்ளே வெள்ளித்தாள், வெளியே பளபளப்பு. முன்பக்கத்தில் பனிமலை, அதன் உச்சியில் ஒரு ஓநாய், கீழே பெரிதாக 'செயற்கைப் பதப்பொருள் இல்லை' என்று ஆங்கிலத்தில். அந்த ஓநாயின் நெஞ்சையும் எங்கள் வீட்டு நாயின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரிசி வாங்கினால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். மாடி அறையில் இருந்த நீல டிரம்மில் கொட்டி மூடினேன். காலியான முதல் பையை வீட்டுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். நீளவாக்கில் வெட்டி விரித்து, வெள்ளித்தாள் பக்கம் வெளியே பார்க்க, அச்சுப் பக்கம் அறைக்குள் பார்க்க, மேற்கு ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினார். சாயங்கால வெயில் நாய் மேல் விழாமல் இருக்கவாம். ஓநாய் பாதி வெட்டுப்பட்டு ஜன்னலின் ஓரத்தில் தொங்கியது. என்னமோ குடோன் மாதிரி இருக்கிறதே என்று நான் சலித்துக்கொண்டேன்.

பையில் ஒரு கட்டம் போட்டு, முப்பது கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு நானூறு கிராம் என்று இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் கொட்டுவதற்கு முன் படித்தேன். அப்படியே அளந்து போட்டேன். மேலும் ஒரு பிடி பாசத்துக்கு. மாசி, பங்குனியில் அவள் ரோமம் எண்ணெய் தடவினது போல மின்னியது. உடம்பும் வைத்தது. சந்தில் எல்லாரும், "இன்னா போட்றீங்க, குட்டி யான மாதிரி கீது" என்று கேட்டார்கள். இறக்குமதி என்று சொன்னேன். மாடிப்படி ஏறும்போது அவள் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். வயசாகிறது என்று நினைத்தேன். ஆறு வயது.

சித்திரை பாதியில் மூன்றாவது மூட்டையை உடைத்து டிரம்மில் கொட்டினேன். அன்றைக்கு அவள் தட்டை முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாலு உருண்டை தின்றுவிட்டு வாந்தி எடுத்தாள். பிறகு வயிற்றுப்போக்கு.

அறையில் ஒரு வாடை இருந்தது. அது எனக்குத் தெரிந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் வாடை என்பது ஒரு செய்தியே இல்லை. காற்று வடக்கிலிருந்து அடித்தால் ஒரு வாடை, மேற்கிலிருந்து அடித்தால் வேறொன்று. சுற்றியிருக்கிற ரசாயனக் கம்பெனிகளில் எது எதைத் திறந்துவிட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை, ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். நானும் வீட்டுக்காரரிடம் கம்பெனி வாடை என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

எனக்குச் சந்தேகம் வீட்டுக்காரர் மேல்தான் வந்தது.

"யோவ், நீ அவளுக்குத் தயிர் சோறு போட்றியா?"

"இன்னாமே, நான் எதுக்குப் போட்றேன்?"

"சத்தியமா சொல்லு. வயித்தால போவுது. தீனி தின்ன மாட்டேங்குது. வேற எதையோ தின்னுட்டுத்தான் இப்படி ராங்கி பண்ணுது."

"உம்மேல சத்தியம், போடலமே."

என் மேல் சத்தியம் செய்தபிறகு நான் என்ன சொல்ல முடியும். நாய்க்குத்தான் திமிர் என்று முடிவு செய்தேன். தின்றால் இதைத்தான் தின்ன வேண்டும் என்று தட்டைக் காலையில் வைத்தேன், சாயங்காலம் எடுத்தேன், மறுநாள் அதையே வைத்தேன். பத்து நாள் இது நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு மணி இருக்கும். நான் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சுணங்கிப்போய் அன்றைக்கும் மாடி அறையிலேயே படுத்திருந்த அவளைப் பார்க்கப் போன வீட்டுக்காரர் படியில் நின்று கத்தினார். அவள் தரையில் பக்கவாட்டில் கிடந்தாள். நாக்கு செங்கல் நிறத்தில் வெளியே தொங்கியது. மூச்சு ஒர்க்‌ஷாப் துருத்தி போல ஓடியது, கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. போர்வையில் கிடத்தி இரண்டு பேருமாகத் தூக்கி இறக்கினோம். அவளுடைய கனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டோவில் வீட்டுக்காரர் மடியில் தலை, என் மடியில் கால், நான் பாட்டில் தண்ணீரை வயிற்றிலும் தொடையிலும் ஊற்றிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் ஈரமாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருவொற்றியூர் ஹைரோட்டில் ஒரு தனியார் கிளினிக். டாக்டர் சின்ன வயசுப் பெண். ஜுரம் நூற்றாறு என்றார். மேஜையில் போட்டு, சாதாரண குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, இரண்டு ஃபேனைத் திருப்பிவிட்டு, டிரிப் ஏற்றினார். ஐஸ் கொண்டுவரட்டுமா என்று ஓடப் பார்த்த வீட்டுக்காரரை வேண்டாம் என்று தடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து அவள் தலையைத் தூக்கினாள். வீட்டுக்காரர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். நான் உள்ளேயே நின்று அழுதேன்.

சாயங்காலம் டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

"முப்பத்தி நாலு கிலோ இருக்கா. இருபத்தி எட்டுதான் இருக்கணும். இந்த ரோமத்துக்கு அடியில ஆறு கிலோ கொழுப்பு, அதுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வயித்துப்போக்குல உடம்புல தண்ணியும் இல்ல. இன்னிக்குப் பொழைச்சுட்டா. வெயில் இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் எதுவும் சொல்ல முடியாதும்மா."

வீட்டுக்காரர் உடனே, "கோழித் தீனிதான் டாக்டரம்மா, சூடு" என்றார்.

"கோழி சூடு, மீன் குளிர்ச்சின்னு எல்லாம் இல்ல சார். அதுல கொழுப்பு எவ்வளவு, ஒரு கிலோவுல கலோரி எவ்வளவு, எப்ப செஞ்சது, அதைத்தான் பாக்கணும். என்ன போடுறீங்க? பையைக் கொண்டுவாங்க, படிச்சுப் பாக்குறேன்."

"பை இல்ல. டிரம்முல கொட்டிட்டோம்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப அதை நிறுத்துங்க. மூணு நாள் கஞ்சி மாதிரி குடுங்க. அப்புறம் கடைக்குப் போய்ப் பின்பக்கம் படிச்சு வாங்குங்க. முன்பக்கத்துல படம்தான் இருக்கும்."

அந்தப் பாடத்தை அந்தச் சின்னப் பெண் எனக்கு நடத்தினாள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு விம்கோ நகருக்குப் போனேன். அங்கே ஒரு அண்ணாச்சி கடை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முன்பு முழுக்க மளிகையாக இருந்த கடை, இப்போது பாதி மளிகை, பாதி நாய் பூனைத் தீனி. நடந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் மூன்று பைகளை எடுத்து மேஜையில் குப்புறப் படுக்கவைத்தார்.

"படிங்க தங்கச்சி. நீங்க படிச்சவுக."

முதல் பை, முன்பக்கத்தில் நீலக்கடல், துள்ளுகிற மீன். கடல் மீன் சுவை என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் பார்த்திருந்தால் குளிர்ச்சி என்று இதைத்தான் தூக்கியிருப்பார். பின்னால் படித்தேன். மக்காச்சோளம், கோதுமை, கோழி மாவு, சோள கிளூட்டன், கோழிக் கொழுப்பு. அப்புறம் என்னென்னவோ. மீன் கடைசியில் உப்புக்குப் பக்கத்தில் இருந்தது. எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். அது எனக்குத் தினசரி வேலை.

"மீனு எங்க இருக்கு பாத்தீங்களா?" என்று சிரித்தார் அண்ணாச்சி. "வாசத்துக்குப் போட்டிருக்கான்."

இரண்டாவது பை விலை கூடியது. முதல் சாமான் பச்சைக் கோழி. ஆஹா என்றேன்.

"அதுல முக்காவாசி தண்ணியில்லா. வறுத்து எடுத்தா அந்த எடை எங்க நிக்கும்? கோழி மாவுன்னு போட்டிருந்தா தண்ணி வத்தினபொறவு போட்டது. பேரு கேக்க நல்லா இருக்காது, ஆனா சத்து அதுலதான் கூட. சரி, கீழ வாங்க. கொழுப்பு என்ன போட்டிருக்கான்?"

நூற்றுக்குப் பதினெட்டு. ஒரு கிலோவில் நாலாயிரத்துச் சொச்சம் கலோரி. ஓடியாடும் நாய்க்கு என்று சின்ன எழுத்தில் இருந்தது.

"ஒங்க நாயி ஓடுதா?"

"படுத்தே கிடக்கு."

"அப்ப வைங்க அத."

மூன்றாவது பை பார்க்க ஒன்றுமே இல்லை. மஞ்சள் நிறம், ஒரு சாதாரண நாய் உட்கார்ந்திருக்கிற படம். மூன்று கிலோதான். முதலில் கோழி மாவு, பிறகு அரிசி, பிறகு மக்காச்சோளம், பீட்ரூட் சக்கை, மீன் எண்ணெய். புரதம் இருபத்தைந்து, கொழுப்பு பதினொன்று, நார்ச்சத்து ஐந்துக்குள். கிலோவுக்கு மூவாயிரத்து நானூறு கலோரி. கொழுப்பைப் பதப்படுத்தியது வைட்டமின் ஈ. தயாரித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"வெயில்ல நாயி கொஞ்சமாத்தான் திங்கும். திங்குற கொஞ்சத்துல சத்து இருக்கணும், கொழுப்பு கூடக் கூடாது. இது போதும் தங்கச்சி. பெரிய மூட்டை கேக்காதீங்க, சித்திரை தொடங்கி ஆடி வரைக்கும் நான் பெரிய மூட்டைய வாங்கி வைக்கவே மாட்டேன். பைய தொறந்துட்டா மூணு வாரத்துல தீத்துரணும். கொட்டி வைக்கக் கூடாது, பையோட மடிச்சு, கிளிப்பு போட்டு, நெழல்ல வைங்க."

"இதுவும் வைட்டமின் ஈதான் போட்டிருக்கான். நான் போட்டதுலயும் இதத்தான் போட்டிருப்பான். செயற்கைப் பதப்பொருள் இல்லன்னு பெருசா போட்டிருந்துச்சு."

"நல்லதுதான். ஆனா அது ரொம்ப நாளைக்கு வெயிலத் தாங்காது. எண்ணெ காறி நாத்தம் வந்துரும். அதுல கொழுப்பு எம்புட்டு?"

"தெரியல."

"எப்ப வந்த சரக்கு?"

பெட்டியின் எண், வந்த தேதி, யார்டில் நின்ற நாட்கள், ஒவ்வொரு வாரமும் எழுதிய கடிதம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. வெளியே நிற்கிற இரும்புப் பெட்டி சித்திரை வெயிலில் உள்ளே எப்படி இருக்கும் என்பது யார்டுக்குப் போய்வருகிற எங்களுக்குத் தெரியாதா? கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அனலில் ஆட்கள் பின்வாங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேப்பர் ஆபீஸ் பேப்பர், மூட்டையில் இருந்த தேதி வீட்டுத் தேதி. இரண்டையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"போன வருஷம் சித்திரை" என்றேன்.

அண்ணாச்சி மஞ்சள் பையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரரும் அரை நாள் லீவில் வந்திருந்தார். மாடி அறையில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத் துணியால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் டிரம் மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளி அவர் மூக்கருகில் நீட்டினேன்.

"இன்னா வாடை அடிக்குது?"

"பழைய பெயிண்ட் டப்பா மாதிரி கீது. கலீஜ்." அவர் என்னைப் பார்த்தார். "இன்னாமே, நீ கம்பெனி வாடைன்னு சொன்னியே?"

நான் மேற்கு ஜன்னலுக்குப் போனேன். வெட்டி விரித்த பையில் பாதி ஓநாய்க்குப் பக்கத்திலேயே பின்பக்க அச்சு முழுசாக இருந்தது. கண் மட்டத்தில். அதற்கு நேர் கீழேதான் தட்டு வைப்பேன். மூன்று மாதமாகத் தினமும் இரண்டு வேளை அந்த எழுத்துக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

கொழுப்பு இருபது. கிலோவுக்கு நாலாயிரத்து முன்னூறு கலோரி. குளிர்காலத்தில் வெளியே உழைக்கும் நாய்களுக்கானது. நானூறு கிராம் என்ற கட்டத்துக்குக் கீழேயே, வீட்டுக்குள் இருக்கும் நாய்க்கு அளவைக் குறைக்கவும் என்று ஒரு வரி. அதற்கும் கீழே, இருபத்தைந்து டிகிரிக்கு மிகாத, வெயில் படாத, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.

"இருபத்தஞ்சு டிகிரியா? இந்த ஊர்ல மார்கழிலகூட வராதேமே" என்றார் வீட்டுக்காரர்.

"நான்தான்யா" என்றேன். "அவளுக்குத் திமிரும் இல்ல ஒண்ணும் இல்ல. கெட்டுப்போச்சுன்னு மொத நாளே முகர்ந்து பாத்துச் சொல்லிட்டா. நான்தான் பட்டினி போட்டேன். உன்னையும் சத்தியம் பண்ண வெச்சேன். என்ன மன்னிச்சிடு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவர் சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நாயின் காதையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டினி இல்லமே" என்றார் மெதுவாக.

"என்ன?"

"காலைல நீ குளிக்கப் போறப்ப, நான் மேல வந்து ரெண்டு பிடி தயிர் சோறு போட்டுகினு இருந்தேன். டப்பால ஒளிச்சு. நீ கேக்கறதுக்கு முன்னாலேர்ந்தே, பத்து நாளும். அத்த மட்டுந்தான் துன்னுச்சு. நீ கோச்சுப்பேன்னு சொல்லல." துணியைப் பிழிந்துவிட்டு, "உம்மேல சத்தியம் வேற பண்ணிட்டேன். அதான் அதுக்கு இப்டி ஆயிடுச்சோன்னு ஞாயித்துக்கிழமலேர்ந்து எனக்கு பேஜாரா கீது" என்றார்.

பத்து நாள் அவள் உயிரோடு இருந்ததே அந்த ஒளித்துப் போட்ட தயிர் சோற்றால்தான். நான் எதைக் குற்றம் சொல்லிக் கத்தினேனோ அதனால். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் சுவரைப் பார்த்து அவர் அழுதது, பொய்ச் சத்தியத்தால் நாய் சாகிறது என்று நினைத்து. அதையும் நான் புரிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலிருந்த துணியை வாங்கி நான் துடைக்க ஆரம்பித்தேன்.

டிரம்மில் இருந்ததை எல்லாம் குப்பை வண்டியில் போட்டோம். மிச்சமாகிறதே என்று தெருநாய்களுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. டிரம்மையும் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஆபீசில், மூட்டை வாங்கிய மற்ற இரண்டு பேரிடமும், குடோன்காரரிடமும் விஷயத்தைச் சொன்னேன். கெத்து போயிற்று, போகட்டும்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. வெயில் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தராசில் நூற்றிருபத்தைந்து கிராம் நிறுத்தேன். காலையில் அவ்வளவு, சாயங்காலம் அவ்வளவு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அரை மணிக்குள் தின்னாவிட்டால் கொட்டிவிட வேண்டும். தட்டை வைத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு ஒரு உருண்டையை வாயில் எடுத்து, கீழே வைத்து, மறுபடியும் எடுத்துத் தின்றாள். அப்புறம் தட்டு சுவரோரம் நகர்ந்து நகர்ந்து போகும்வரை நக்கினாள்.

அந்த வெயிலை அவள் தாண்டினாள். பகலில் மாடி அறை வேண்டாம் என்று கீழே சமையலறை ஓரத்துக்கு மாற்றினோம். ஆடி மாதம் மூன்று கிலோ குறைந்து, படி முழுவதையும் நிற்காமல் ஏறினாள். டாக்டர் ஒரு ஸ்பூன் தயிருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். அதை வீட்டுக்காரர்தான் போடுவார், இப்போது ஒளித்து இல்லை, என் கண் எதிரில், ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வேண்டுமென்றே தட்டி.

மழைக்கு முன்னால் மாடி அறையைச் சுத்தம் செய்தபோது வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி அந்தப் பையின் ஆணியைப் பிடுங்கப் போனார். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"வுடுய்யா, அது இருக்கட்டும்" என்றேன்.

"எதுக்குமே?"

"நான் படிக்கணும்."

அவர் ஆணியைத் திரும்ப அடித்துவிட்டு இறங்கினார்.